வால்வு இல்லாத கரை

குத்தாலத்துக்குத் தெற்கே உள்ள கீழமாந்தூரில் அக்னஸ் என்று கேட்டால் யோசிப்பார்கள். தண்ணிக்காரம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும்.

அவளுடைய எட்டு மா நிலத்தின் மேல் மூலையில் ஒரு போர்வெல் இருக்கிறது. கணவன் எல்வின் அவளையும் மகள் ஜெனித்தையும் ஊரில் விட்டுத் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போவதற்கு முந்தைய வருஷம் இறக்கியது. சுற்றிலும் மூன்று பேர் போட்ட போரில் உப்புத் தண்ணீர் வந்தது. இதில் மட்டும் நல்ல தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகும் வருஷங்களில் பக்கத்து வயல்காரர்கள் நாற்றங்காலுக்கு அவளிடம்தான் வந்தாக வேண்டும். டீசல் என்ஜினை ஓட்டி, குழாய் வழியாக அவரவர் வயலுக்குத் தண்ணீர் விடுவாள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. குழாயின் நடுவே ஒரு வால்வு. அதன் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது.

அந்தக் கைப்பிடி எப்போதும் அக்னஸின் கைப்பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் ஜெபமாலைக்குப் பக்கத்தில் கிடக்கும். ஒருமுறை முழந்தாள் போடும்போது பை சரிந்து, கைப்பிடி கோயில் தரையில் டங்கென்று விழுந்ததில் சாமியாரே ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. காசு இல்லை என்பவனும் வால்வை மூடினால் கொண்டுவருவான். அதற்கு அவள் காட்டும் அத்தாட்சி அரசப்பன். அடுத்த வயல்காரர், ஆறு மா வைத்திருப்பவர். ஒரு வருஷம், "நாளைக்குத் தர்றேம்மா, நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்" என்று பத்து நாள் இழுத்தார். அக்னஸ் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் நாற்று மஞ்சளடித்தது. நான்காம் நாள் காலை அரசப்பன் வாசலில் நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நாத்து சொல்லிச்சுல்ல அண்ணே."

அதற்குப் பிறகு அவர் பாக்கி வைத்ததே இல்லை.

இப்படி எல்லாவற்றையும் ஒரு கைப்பிடியால் முடித்துக்கொண்டிருந்தவளுக்கு, முடியாத ஒன்று நரிவாய்க்கால் கரை.

நரிவாய்க்கால் ஒரு சின்ன வடிகால். மழைத் தண்ணீரும் மேல் வயல்களில் மிஞ்சிய தண்ணீரும் இதில் இறங்கி, கீழே பெரிய ஆற்றில் சேரும். பெரிய ஆறுகளின் கரைகளை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கிளை வடிகால்களை நிலத்துக்காரர்களே பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உள்ளே காட்டாமணக்கு மண்டிவிட்டது. கரை ஆடு மாடு நடந்து நடந்து தேய்ந்து, இடுப்பு உயரம் இருந்தது முழங்கால் உயரமாகிவிட்டது. கரையை ஒட்டி இருபத்துமூன்று பேரின் நிலம். ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பினால் கரை தாண்டி எல்லார் வயலிலும் ஏறும்.

இரண்டு வருஷம் தொடர்ந்து ஏறியது. இரண்டு சம்பாவும் போயிற்று. இரண்டாம் வருஷம் அழுகிய பயிரைப் பார்க்க எல்வின் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"இன்னும் ஒரு வருசம் பாப்போம் அக்னஸ். அடுத்த சம்பாவும் முங்கிச்சுன்னா நிலத்த வித்துட்டு நீயும் ஜெனித்தும் அங்க வந்துருங்க. நான் ஒருத்தன் அங்க, நீங்க ரெண்டு பேரு இங்க, எதுக்காக? முங்கறதுக்காகவா?"

"சரி" என்றாள். திருப்பூரில் அவன் இருந்த ஒற்றை அறையை ஒருமுறை பார்த்திருக்கிறாள். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அங்கே அவள் தண்ணிக்காரம்மா இல்லை. யாருமே இல்லை.

அப்படி மூன்றாம் வருஷமும் வந்தது. புரட்டாசியில் நடவு முடிந்ததும் அக்னஸ் மீரா உசேனைத் தேடிப் போனாள்.

மீரா உசேன் மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் பொக்லைன் ஓட்டியவர். திரும்பி வந்து பழைய பொக்லைன் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடுகிறார். ஊரில் குளம், மனை, கழிவுநீர்த் தொட்டி எது தோண்டினாலும் அவர்தான்.

"நரிவாய்க்கால் கரை முழுசுக்கும் எத்தன மணி நேரம் ஆகும் பாய்?"

அவர் வாய்க்காலை மனசுக்குள்ளேயே நடந்து பார்த்தார். "அடிமண்ண எடுத்துக் கரையில போட்டு அழுத்தணும். காட்டாமணக்க வேரோட எடுக்கணும். இருவத்தி நாலு மணி நேரம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தங்கச்சி. ஒண்ணு சொல்லட்டா? இந்த மூணு வருசத்துல உங்க ஊர்ல பதினோரு பேரு வீட்டு மனைய மேடாக்கியிருக்காங்க, வெள்ளம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. எல்லாம் நம்ம மிஷினு. கூட்டிப் பாத்தா தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல. கரைக்கு மட்டும் இது வரைக்கும் ஒருத்தர் கூப்பிட்டதில்ல."

"ஏன்?"

"மனைய மேடாக்குனா அவன் வீடு மட்டும் மேடாகும். கரைய மேடாக்குனா எல்லார் வயலும் பொழைக்கும். எல்லார் வயலுக்கும் ஒருத்தன் எதுக்கு வாடக குடுப்பான்?" சிரித்தார். "நான் யாவாரி. கேக்கறவனுக்குத்தான் மிஷின் எறக்க முடியும். நானா போய்க் கரை போட்டுட்டு யார்கிட்டப் பில்லு நீட்டுறது?"

அக்னஸுக்கு அது ஒரு பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. இருபத்துமூன்று பேர், இருபத்துநாலு மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி நேர வாடகை. மிச்சம் ஒரு மணி அவளுடையது. தண்ணீருக்குத் தருகிறவர்கள் கரைக்குத் தர மாட்டார்களா?

வீடு வீடாகப் போனாள்.

முதலில் தந்தது வேம்பு. நாற்று நடும் கூலி வேலையில் மிச்சம் பிடித்து இரண்டு மா வாங்கியவள். அக்னஸுக்குச் சிறு வயதுத் தோழி. கேள்வியே கேட்காமல் அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்து, அக்னஸோடு பதினான்கு பேர் ஆனார்கள். மீதி ஒன்பது பேர் நகரவில்லை. ஒருவர், "நான் குத்தகைக்காரன், நிலத்துக்காரரக் கேளு" என்றார். நிலத்துக்காரரைக் கேட்டால், "விளைச்சல் எடுக்கறவன் அவன்தானே" என்றார். இன்னொருவர் சிங்கப்பூரில். அவருடைய அம்மா, "அவன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அவன் வருவது அடுத்த வைகாசியில்.

அரசப்பன் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே சொன்னார்.

"கரை வேணாம்னு நான் சொல்லலம்மா. எனக்கும் வேணும். ஆனா இருவத்திமூணு பேர்ல நான் ஒருத்தன். மத்தவங்க எல்லாம் குடுத்தாங்கன்னா, நான் குடுக்கலன்னாலும் கரை வந்துரும். மத்தவங்க குடுக்கலன்னா, நான் மட்டும் குடுத்துக் கரை வந்துருமா? ரெண்டு வழியில பாத்தாலும் என் காசு என் பையில இருக்கறதுதானே புத்தி?"

"எல்லாரும் இப்படியே நெனச்சா?"

"எல்லாரும் இப்படித்தான் நெனைக்கிறாங்க. நான் வாய் விட்டுச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. வாசல் இறங்கும்போது பின்னாலிருந்து அவர் சிரிப்புக் குரல் கேட்டது: "இதுக்கு ஒன்னோட கைப்பிடியக் கழட்டிப் பையில போட முடியாது, பாத்துக்க!"

அந்த வார்த்தை அவளை இரண்டு நாள் அரித்தது. மூன்றாம் நாள், வேம்புவோடு வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு யோசனை வந்தது. வரப்பு எப்படி நிற்கிறது? அவரவர் வயலின் வரப்பை அவரவர் வெட்டிப் பூசுகிறார்கள். வெட்டாதவன் வரப்பில் நண்டு வளை போடும், அவன் தண்ணீர் ஓடிப்போகும், அவன்தான் அனுபவிப்பான். கரையும் அப்படியே இருக்கட்டும். காசு கொடுத்தவர்கள் வயலுக்கு நேரே மட்டும் கரை உயரட்டும். கொடுக்காதவர்களுக்கு நேரே அப்படியே கிடக்கட்டும். அதுதான் கைப்பிடி.

மீரா உசேன் தயங்கினார். "தங்கச்சி, தண்ணி யாரு பட்டான்னு பாத்து ஏறாது."

"ஏறட்டும். அரசப்பண்ணன் வயல்ல ஏறட்டும். அப்பத்தான் தெரியும்."

"நடுநடுவுல பள்ளம் விட்டா..."

"பாய், பதினாலு பேரு காசு குடுத்திருக்கோம். பதினாலு பேருக்குப் போடுங்க."

வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வதுதான் அவர் தொழில். இரண்டு நாளில் போட்டு முடித்தார். கரை ஒரு இடத்தில் இடுப்பளவு உயர்ந்தது, அடுத்த இடத்தில் முழங்காலளவு கிடந்தது, மறுபடி உயர்ந்தது. பொக்கை விழுந்த வாய் மாதிரி இருந்தது. அக்னஸ் அவள் வயலுக்கு நேரே உயர்ந்து நின்ற புதுமண்ணை மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று திருப்பூருக்கு அவளே போன் செய்து, "கரை போட்டாச்சு" என்று சொன்னாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. விடாமல் மூன்று நாள்.

மூன்றாம் நாள் காலை குடையோடு அவள் கரைக்கு ஓடியபோது வாய்க்கால் நிரம்பியிருந்தது. முன்பெல்லாம் கரை நெடுகிலும் மெல்ல வழியும் தண்ணீர், இப்போது ஒன்பது பள்ளங்களில் மட்டும் போக வழி கண்டு, அத்தனையும் அங்கேயே சேர்ந்து பாய்ந்துகொண்டிருந்தது. அரசப்பன் வயலுக்கு நேரே இருந்த பள்ளத்தில் மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கி, அவர் வயலை நிரப்பி, வரப்பைத் தாண்டி அவள் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது வெறும் வரப்புதானே. அது ஒரு ஜாண் தண்ணீரை நிறுத்தும். வெள்ளத்தை நிறுத்துமா?

அதைவிட மோசமானது மழை நின்ற பிறகு தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்தும், உள்ளே வந்த தண்ணீர் திரும்பப் போகவில்லை. அவள் காசு கொடுத்துப் போட்ட கரை, இப்போது உள்ளேயிருந்து வெளியே போகிற தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. பயிரின் நுனி மட்டும் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தது. நடவு செய்து இருபத்தைந்து நாள் ஆன பயிர். நான்கைந்து நாளில் தண்ணீர் இறங்கினால் பிழைக்கும். ஒரு வாரம் நின்றால் அழுகும்.

அவளே மண்வெட்டி எடுத்து, அவளே போட்ட கரையை ஓரிடத்தில் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டாள். வேம்பும் வந்து எதிர்ப்பக்கம் நின்று வெட்டினாள். பிறகு வேம்பு, அக்னஸைப் பார்க்காமலே, மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்னஸு, நான் காசு குடுத்தேன். என் வயலும் முங்கிருச்சு. அரசப்பன் குடுக்கல. அவரு வயலும் முங்கிருச்சு. அப்ப நான் எதுக்குடி குடுத்தேன்?"

அக்னஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கோவமாக் கேக்கல. அடுத்த தடவ நீ வந்தா நான் குடுப்பனான்னு எனக்கே தெரியல. அதான் கேட்டேன்."

அந்தக் கேள்வி அவளுக்கு வெள்ளத்தைவிடப் பயமாக இருந்தது. அரசப்பன் தராதது ஒரு பங்கு. வேம்பு நின்றுவிட்டால் மற்ற பன்னிரண்டு பேரும் நின்றுவிடுவார்கள்.

தண்ணீர் நான்காம் நாள் இறங்கியது. முக்கால்வாசிப் பயிர் தலைதூக்கியது. செத்த இடங்களில் மிச்ச நாற்றை வாங்கி ஊடு நட்டார்கள். ஆனால் ஐப்பசி முடியவில்லை. கார்த்திகை முழுசாகக் கிடந்தது. இன்னொரு மழை இப்படி வந்தால் அவ்வளவுதான், எல்வின் சொன்னது நடந்துவிடும். இரண்டாவது முறை முங்கிய பயிர் எழுந்து பார்த்தவர் இல்லை.

கரையை எப்படி முடிப்பது என்று கேட்க மீரா உசேன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஹமீதா பானு டீ கொடுத்தாள். மீரா உசேன் பொக்லைனைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதையோ பற்றிப் பேசினார்.

"நம்ம பழைய ஷெட்டு ஞாபகம் இருக்கா? மதகு வளைவுல?"

இருந்தது. அந்த வளைவு இரண்டு பஞ்சாயத்துகளின் எல்லை. தெருவிளக்கு இரண்டு பக்கமும் அதற்கு முன்பே நின்றுவிடும். மீரா உசேன் அங்கே பொக்லைன் நிறுத்த ஷெட் போட்டபோது வாசலில் பெரிய விளக்கு ஒன்று போட்டார். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் வந்தார்கள். ஜெனித்தும் வந்தாள். வருஷம் முழுக்க எரிந்தது.

"கரண்டு பில்லு ஏறுதுன்னு பக்கத்துல பதினோரு வீட்டுல கேட்டேன். மாசம் ஆளுக்குக் கொஞ்சம் குடுங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். 'ஒங்க ஷெட்டுக்குத்தானே போட்டீங்க பாய், நாங்க கேட்டமா?' என்று சொல்லியிருந்தாள். ஷெட்டை மெயின் ரோட்டுக்கு மாற்றியபோது அவர் விளக்கைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாளே அக்னஸ் போய், 'ஏன் பாய் விளக்கக் கழட்டிட்டீங்க, புள்ளைங்க எப்படி வரும்?' என்று சண்டைக்கு நின்றாள்.

"அரசப்பன் அண்ணன் சொன்னதத்தான் நானும் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"எல்லாரும் சொல்லியிருக்கோம்" என்றாள் ஹமீதா பானு. "ஒங்க தண்ணிக்கு வால்வு இருக்கு. வெளிச்சத்த ஜெனித்துக்கு மட்டும் இருட்டாக்க முடியுமா? அதான் இவரு மொத்தமாக் கழட்டிட்டாரு."

வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுவதும் அக்னஸ் அரசப்பனைத் திட்டத் தேடினாள், கிடைக்கவில்லை. அந்த ஆள் திருடன் இல்லை. சோம்பேறி இல்லை. கரை வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை. தான் மட்டும் ஏமாளியாகக் கூடாது என்று நினைத்தவர். அதைத்தான் அவளும் விளக்குக்குக் காசு கேட்டபோது நினைத்திருந்தாள். அப்படியானால் யாரைத் திருத்துவது? திருத்துவதற்கு ஆளே இல்லாத ஒரு தப்பு இருக்க முடியுமா?

அப்போதுதான் மாரியம்மன் கோயில் சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்த பெயர்ப் பட்டியல் அவள் கண்ணில் பட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி தந்தவர்கள். வருஷா வருஷம் அதைப் பார்த்துக்கொண்டுதான் பூசைக்குப் போகிறாள். அவளுடைய சபைக்கு அதில் வேலை இல்லை என்பதால் ஒருநாளும் நின்று படித்ததில்லை. இன்று படித்தாள். கோயிலைச் சேர்ந்த ஒரு வீடுகூட விடுபடவில்லை. கீழே வசூல் செய்தவர் பெயர்: அரசப்பன்.

அவர் வயலில் இருந்தார். பள்ளத்தின் வழியே பாய்ந்த தண்ணீர் அவர் நிலத்தில் கால் மா அளவுக்கு மணலைக் கொட்டிப் போயிருந்தது. தனியாகக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னம்மா, சந்தோசமா? எனக்குத் தெரியணும்னு சொன்னியாமே. நல்லாத் தெரிஞ்சுது."

"தப்பு பண்ணிட்டேண்ணே. ஒங்களுக்குப் பாடம் சொல்றேன்னு என் வயலையும் முக்கிக்கிட்டேன். வேம்பு வயலையும்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். திருவிழா வரிய எப்படிண்ணே ஒரு வீடு விடாம வாங்குறீங்க? சிங்கப்பூர்க்காரன் வீட்டுலகூட."

"அதுவா?" அவர் முகத்தில் பெருமை வந்தது. "நான் யாரையும் மெரட்டறதில்ல. சாமி ஊர்வலம் எல்லார் வாசல்லயும் நிக்கும். தேங்கா ஒடப்பாங்க. வரி குடுக்காத வாசல்ல நிக்காது. நேரா போயிரும். அந்த அசிங்கத்த எவன் தாங்குவான்? நான் கேக்க வேண்டியதே இல்ல, அவங்களே கொண்டாந்து குடுத்துருவாங்க."

"அப்ப ஒங்ககிட்டயும் ஒரு கைப்பிடி இருக்கு."

அரசப்பன் அவளையே பார்த்தார். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை.

"அது சாமி காரியம் அக்னஸு."

"தெரியும். என் சாமியும் இல்ல. அதனாலதான் ஒங்ககிட்டக் கேக்கறேன். நீங்க சொன்னீங்கல்ல, எல்லாரும் குடுத்தா ஒங்க காசுல ஒண்ணும் ஆகாது, யாரும் குடுக்கலன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. அது சரிதான். எனக்கு இன்னும் பதில் இல்ல. ஆனா எல்லாரும் குடுத்தே ஆகணும்னு எல்லாருமே ஒத்துக்கிட்டா? அப்ப நீங்க ஏமாளி இல்ல. நானும் இல்ல."

அவர் உடனே சரி சொல்லவில்லை. மணலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நாளைக்குக் கோயில்ல பேசுவோம். நான் சொன்னேன்னு முடிவாயிராது. ஊரு ஒத்துக்கணும்" என்றார்.

மறுநாள் சாயந்திரம் கோயில் முன்பு கூடினார்கள். அக்னஸும் மீரா உசேனும் வேப்பமரத்தடியில் ஓரமாக நின்றார்கள். கொடுக்காத ஒன்பது பேரில் எட்டுப் பேரும், சிங்கப்பூர்க்காரன் அம்மாவும் வந்திருந்தார்கள். அரசப்பன் எழுந்து முதலில் அவருடைய பங்கைத் தட்டில் வைத்தார்.

"இதுநாள் வரைக்கும் நான் குடுக்கல. ஏன் குடுக்கலன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும், நீங்களும் அதுக்காகத்தான் குடுக்கல. மிச்சம் ஒம்போது பள்ளம். கரைக்காசு குடுக்காத தலைக்கட்டுகிட்ட வர்ற சித்திரையில நான் கோயில் வரி வாங்க மாட்டேன். இது எனக்கும் சேத்துத்தான். சம்மதம்னா சொல்லுங்க. சம்மதம் இல்லன்னா வசூலுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

கொஞ்ச நேரம் சலசலப்பு. "வரியும் வாங்க மாட்டீரு, சாமியும் நிக்காது, நல்லா இருக்குய்யா ஒம்ம ஞாயம்!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்தபடியே ஒவ்வொருவராகச் சம்மதம் என்று கை தூக்கினார்கள். குத்தகைக்காரரும் நிலத்துக்காரரும் அங்கேயே நின்று பாதிப் பாதி என்று பேசி முடித்தார்கள். இத்தனை நாள் முடியாதது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. தனியாகக் கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுத்தார்கள். இப்போது அடுத்தவர் தட்டில் வைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியாகச் சிங்கப்பூர்க்காரன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"எம்புள்ள வந்ததும் அவன்கிட்ட வாங்கிக்கிறேன். சாமி நம்ம வாசல்ல நிக்கணும்."

மீரா உசேன் அக்னஸிடம் குனிந்து, "அரசப்பன் வயலுக்கு எதிர்ல ஆழப் பள்ளமா அறுத்துருக்கு. அதுக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆகும். அது யாரு கணக்கு?" என்றார்.

"என் கணக்கு பாய். அது என் புத்தியால வந்த பள்ளம்."

கூட்டம் கலையும் நேரத்தில் அவள் இன்னொன்றும் கேட்டாள். ஊர்ச் சபையில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. மதகு வளைவு விளக்கையும் வருஷ வரியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றாள். எங்கள் சபையில் நாலு வீடு, பாய் வீடு, எல்லோரும் அதற்குப் பங்கு தருகிறோம் என்றாள். அரசப்பன், "இப்பத்தான் ஒண்ணு முடிஞ்சுது, அதுக்குள்ள அடுத்ததா?" என்றார். ஆனால் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது வேம்பு கேட்டாள். "இது மெரட்டல் இல்லியாடி?"

அக்னஸ் நடந்துகொண்டே சொன்னாள். "மெரட்டல்தான். ஆனா நம்மள நாமே மெரட்டிக்கச் சொல்லி எல்லாரும் கை தூக்குனாங்க. அதுல நான் தப்புக் கண்டுபிடிக்கப் பாக்கறேன், முடியல. ஊர்வலம் இல்லாத ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னு மட்டும் தெரியல."

"அதுக்குத்தான் கெவர்மெண்டு வரி போடுது" என்றாள் வேம்பு. "கேட்டா குடுப்பமா நாம?"

பொக்லைன் மறுநாள் இறங்கியது. ஒன்பது பள்ளங்களும் மூடின. அக்னஸும் வேம்பும் வெட்டிய வாயில் மீரா உசேன் ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்தார், உள்ளே நின்ற தண்ணீர் வடிவதற்கு. வாய்க்கால் நிரம்பினால் அதன் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். அடைப்பது யார் முறை என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. வாரத்துக்கு இரண்டு வீடு என்று முடிந்தது. கார்த்திகை இரண்டாம் வாரம் அரசப்பனுக்கும் அக்னஸுக்கும் விழுந்தது.

கார்த்திகை பத்தாம் தேதி மழை வந்தது. போன தடவையைவிடப் பெரிய மழை. மதியம் குடை பிடித்தபடி அவள் பலகையை அடைத்துவிட்டுக் கரைமேல் நின்றாள். தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு ஜாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது. காட்டாமணக்கு இல்லாததால் வேகமாக ஓடியது. அரசப்பன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, பலகையை ஒருமுறை அவரும் அழுத்திப் பார்த்தார்.

"நான் அடைச்சிட்டேண்ணே."

"தெரியும். இருந்தாலும் என் வயலு."

"எல்லார் வயலும்தான்."

"அதான் ரெண்டு பேரு பாக்கறோம்" என்று சொல்லிவிட்டு அவர் மேற்கே நடந்தார், மற்ற இடங்களைப் பார்க்க.

போன் அடித்தது. எல்வின். டி.வி.யில் மழைச் செய்தி பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறான். அவன் குரலில் ஏற்கனவே முடிவு இருந்தது.

"என்னாச்சு? முங்கிருச்சா?"

அவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வயலில் கணுக்கால் தண்ணீர்தான். ஊடு நட்ட நாற்று வேறு பச்சையாக, கொஞ்சம் குட்டையாக, மற்றதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லங்க. நிக்குது."

மழைச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"நெசமாவா?"

"தை மாசம் லீவு சொல்லி வைங்க" என்றாள் அக்னஸ். "அறுப்புக்கு ஆள் கெடைக்காது."